குடிப்பவரின் வீட்டார் எதை முதலில் நிறுத்த வேண்டும்?

சம்பளம் போட்ட மறுநாள் காலையில் எந்தத் தோட்டத்துப் பிரட்டுக்களத்துக்குப் போனாலும் சில பேர் குறைவார்கள். கணக்கப்பிள்ளை கேட்டால் மனைவியோ மகனோ "காய்ச்சலுங்க ஐயா" என்பார்கள். காய்ச்சல் இல்லை என்பது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பொய்க்குள் நியாயமான ஒரு பயம் இருக்கிறது. பேர் வெட்டப்பட்டால் காம்பராவும் கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் அது. ஆகவே குடிப்பவரைக் குடும்பம் "காப்பாற்றுகிறது" என்று குற்றஞ்சாட்டுவதில் பயனில்லை. அவர்கள் காப்பாற்றுவது பெரும்பாலும் வீட்டைத்தான். அந்த முயற்சியில் வீட்டோடு சேர்த்துக் குடியும் காப்பாற்றப்பட்டுவிடுகிறது.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: இந்த உதவியை நான் செய்யாவிட்டால் யாருக்கு நட்டம்? பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவைக் கொடுக்காவிட்டால் நட்டம் பிள்ளைக்கு. அதைக் கொடுக்கத்தான் வேண்டும். அவர் பார் நண்பரிடம் வாங்கிய கைமாற்றை அடைக்காவிட்டால் நட்டம் அவருக்கு மட்டும். அதை அடைப்பது, அவர் குடித்ததற்கு நீங்கள் காசு கொடுப்பது. இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீதிப் பாதி, எதை முதலில் நிறுத்துவது என்ற வரிசையில் இருக்கிறது. அந்த வரிசை தவறினால் உயிரே போகலாம்.

விளக்கத்துக்காக ஒரு குடும்பத்தை உருவாக்கிக்கொள்வோம். நாற்பது வயதைத் தாண்டிய தகப்பன், தோட்டத்தில் காட்டு வேலை செய்கிறார். மனைவி கொழுந்தெடுக்கிறார். எட்டாம் வகுப்பில் ஒரு மகள். கூடவே அவருடைய அம்மா. தம்பி கொழும்பில் கடையொன்றில் வேலை. தினமும் மாலையில் அரைப் போத்தல் சாராயம், காசு குறைந்த நாளில் கசிப்பு. இந்த வீட்டில் மூன்று கைகள் அவருக்கு உதவுகின்றன. மனைவி காய்ச்சல் என்று சொல்கிறார். தம்பி, அண்ணன் பட்ட கடனை மாதாமாதம் அடைக்கிறார், "மானம் போகக்கூடாதே" என்று. அம்மா விடியற்காலையில் சேலைத் தலைப்பிலிருந்து முந்நூறு ரூபாயை எடுத்து மகன் கையில் வைக்கிறார். ஏனென்றால் மகனின் கை நடுங்குகிறது, தேத்தண்ணிக் கோப்பையை வாய்வரை கொண்டுபோக முடியவில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் முதலில் திட்டுவது அந்த அம்மாவைத்தான். கண்டிப்பாக நிறுத்த வேண்டும் என்று எல்லோரும் சொல்வதும் அந்த முந்நூறு ரூபாயைத்தான். மூன்றில் கடைசியாக நிறுத்த வேண்டியது அதுதான்.

காரணம் உடம்பில் இருக்கிறது. பல மாதங்கள் தினமும் குடித்த மூளை, மதுசாரம் தன்னை அமர்த்தும் என்று எதிர்பார்த்தே வேலை செய்யப் பழகிவிடுகிறது. அது திடீரென்று நின்றால் மூளை கட்டுமீறித் துடிக்கிறது. கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்துக்குப் பிறகு நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2ஆம் நாளிலிருந்து 4ஆம் நாள் வரையான காலத்தில் சிலருக்கு நாள், இடம் தெரியாத குழப்பம், சுவரில் பூச்சி ஊர்வதாகத் தோன்றுவது, காய்ச்சல், படபடப்பு எல்லாம் சேர்ந்து வரும். வைத்தியம் இல்லாவிட்டால் இதில் ஆட்கள் இறக்கிறார்கள். "பேய் பிடிச்சிருக்கு" என்று கட்டிவைக்கப்பட்டவர்களில் இப்படிப்பட்டவர்களும் உண்டு.

காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா? ஒரு மிடறு குடித்ததும் நடுக்கம் அடங்குகிறதா? முன்பு குடியை விட்டபோது வலிப்பு வந்ததா? இந்த மூன்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் வீட்டில் வைத்துத் திடீரென நிறுத்த முயலக்கூடாது. அறையில் பூட்டிவைப்பது, காசையெல்லாம் ஒளித்துவைப்பது, கோயிலில் சத்தியம் வாங்கி அன்றே நிறுத்தவைப்பது எல்லாம் இதில் அடங்கும். போயா நாளைக் கவனியுங்கள். அன்று பார், தவறணை எல்லாம் மூடியிருக்கும். மற்ற நாளில் சரியாக இருப்பவர் போயா அன்று மாலையில் வியர்த்து நடுங்கினால், அவருடைய உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதை அதுவே சொல்லிவிடும். வலிப்போ குழப்பமோ வந்துவிட்டால் காலம் தாழ்த்தாமல் 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் வரவழைக்க வேண்டும். பார்மசியில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பது வேண்டாம். உள்ளே சாராயமும் இருந்தால் மூச்சு அடங்கிவிடும். கசிப்புக் குடித்தவர் கண் மங்குகிறது, பனி மூடியதுபோல் தெரிகிறது என்றால் அது வெறி அல்ல, மெதனோல் நஞ்சாக இருக்கலாம். அப்போதும் உடனே வைத்தியசாலைதான்.

ஆகவே வைத்தியசாலையில் ஒரு நாள் உறுதியாகும் வரை அம்மாவின் காலை முந்நூறு ரூபாய்மீது கைவைக்க வேண்டாம். கேட்க விநோதமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு மிடறு இப்போது அவருக்கு மருந்துபோல வேலை செய்கிறது. அதன் இடத்தில் உண்மையான மருந்து வரும்போதுதான் அதை எடுக்க முடியும். மற்ற இரண்டு கைகளையும் அதற்கு முன்பே விலக்கலாம்.

எதையும் மாற்றும் முன் இரண்டு வாரம் வெறுமனே பார்க்க வேண்டும். ஒரு பழைய பள்ளிக்கூடக் கொப்பி போதும். எத்தனை மணிக்குத் தொடங்கினார், யாரோடு, அதற்கு முன் என்ன நடந்தது, எவ்வளவு, மறுநாள் என்ன இழந்தார். இது சாட்சி சேர்ப்பதற்கான கணக்கல்ல. அவரிடம் காட்டிச் சண்டைபோடப் போவதும் இல்லை. அதனால் அவர் கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும். குடிக்காத நாளையும் அதே கவனத்தோடு எழுத வேண்டும் என்பதைத்தான் பலர் மறக்கிறார்கள். நம் குடும்பத்தின் கொப்பியில் இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. மலையிலிருந்து இறங்கிய பிறகு, பசியோடு இரண்டு நண்பர்களுடன் ரோட்டில் நிற்கும் ஒரு மணி நேரத்தில்தான் குடி தொடங்குகிறது. ஆனால் மகளை மாலை வகுப்பிலிருந்து கூட்டிவரும் செவ்வாயும் வியாழனும் கால் போத்தலோடு முடிகிறது, அதுவும் வீடு வந்து படுக்கும் முன். பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ஆனால் எந்த மணி நேரத்தில் என்ன செய்யலாம் என்பதற்கு இப்போது கையில் ஒரு பிடி கிடைத்திருக்கிறது.

இந்த அணுகுமுறையை அமெரிக்காவில் றொபேர்ட் மேயர்ஸும் அவருடன் வேலைசெய்தவர்களும் ஒழுங்கான பயிற்சியாக வடிவமைத்தார்கள். கிராஃப்ட் என்று அதைச் சொல்வார்கள். 1999இல் வெளியான ஆய்வில், சிகிச்சைக்கு வர மறுக்கும் குடிகாரர்களின் வீட்டார் 130 பேருக்கு மூன்று வெவ்வேறு வழிகளைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டார் விலகி நின்று தங்கள் மனதைத் தேற்றிக்கொள்ளும் வழியில் 13 வீதமானவர்கள் சிகிச்சைக்கு வந்தார்கள். எல்லோரும் கூடி ஒரே நாளில் எதிரே உட்கார்ந்து கேட்கும் வழியில் 30 வீதம். கிராஃப்ட் வழியில் 64 வீதம். எல்லோரும் கூடிக் கேட்கும் வழி நமக்குப் புதிதல்ல. தலைவரையும் மாமன் மச்சானையும் இஸ்தோப்பில் உட்காரவைத்து விசாரிப்பது அதுதானே. ஆய்வில் அந்த வழிக்கு நியமிக்கப்பட்ட குடும்பங்களில் பெரும்பாலானவை அந்தக் கூட்டத்தை நடத்தும் அளவுக்கே போகவில்லை என்பதும் கவனிக்க வேண்டியது.

இனி மனைவியின் காய்ச்சல் பொய். இதை நிறுத்துவதென்றால், "குடிச்சிட்டுக் கிடக்கிறாருங்க" என்று பிரட்டில் நின்று அறிவிப்பதல்ல. அது வெட்கப்படுத்துவது. வெட்கப்பட்டவர் அன்று மாலை இன்னும் ஒரு கால் கூடக் குடிப்பார். பொய்யும் இல்லாமல் அவமானமும் இல்லாமல் நடுவில் ஒரு வாக்கியம் இருக்கிறது: "இன்னைக்கு அவர் வரலைங்க. காரணத்தை அவரே வந்து சொல்லுவார்." அவ்வளவுதான். இதை முன்கூட்டியே, அவர் தெளிவாக இருக்கும் ஒரு நேரத்தில், அவரிடமும் சொல்லிவிட வேண்டும்: "இங்க பாருங்க, இனிமே நீங்க வேலைக்குப் போகாத நாளில கணக்கப்பிள்ளைகிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன். நீங்க குடிச்சதாவும் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிக்கோங்க." முன்னறிவிப்பு இல்லாமல் செய்தால் அது பழிவாங்கலாகத்தான் தெரியும்.

தம்பியின் காசும் அப்படியே. கடைக்காரரிடம் போய் இரண்டு கணக்காகப் பிரிக்கச் சொல்ல வேண்டும். அரிசி, மா, பருப்பு, மண்ணெண்ணெய் ஒரு கணக்கு, அதை வீடு கட்டும். அவர் தனியாக வாங்கும் கைமாற்று வேறு கணக்கு, அதற்கு வீடு பொறுப்பல்ல. தம்பி அனுப்பும் காசு அண்ணன் கைக்குப் போகாமல் அண்ணியின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். மனைவியின் சம்பள அட்டையும் ரகசிய எண்ணும் கணவனிடம் இருக்கும் வீடுகள் மலையகத்தில் குறைவில்லை. வங்கிக்குப் போய் எண்ணை மாற்றிக்கொள்ள மனைவிக்கு முழு உரிமை உண்டு. ஆனால் கணவன் அடிக்கிறவர் என்றால் இதைத் தனியாகச் செய்யக்கூடாது. அதற்குக் கீழே வருகிறேன். வாய்விட்டுச் சொல்ல வேண்டிய இன்னொன்று, மகளைச் சாராயம் வாங்க அனுப்பக்கூடாது. 2006ஆம் ஆண்டின் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுசாரம் விற்பதே குற்றம்.

இப்படி விலகினதும் முதல் இரண்டு மூன்று வாரம் நிலைமை மோசமாகும். இதை எதிர்பார்க்காத வீடுகள் இந்த இடத்தில்தான் தோற்றுப்போகின்றன. வழக்கமாகத் திறந்த கதவு திறக்காதபோது ஆள் இன்னும் பலமாகத் தட்டுவார். கத்துவார், அழுவார், "செத்துப்போறேன்" என்பார், போனை அடகு வைப்பார், அம்மாவிடம் தம்பியைப் பற்றியும் தம்பியிடம் மனைவியைப் பற்றியும் கோள் சொல்வார். பதினைந்து நாள் பிடித்துவிட்டு பதினாறாம் நாள் தம்பி மனமிரங்கிப் பணம் அனுப்பினால், எவ்வளவு தட்டினால் திறக்கும் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்ததுபோல் ஆகிவிடும். அதைவிட ஆரம்பத்திலிருந்தே கொடுத்துக்கொண்டிருந்தது மேல். மூன்று பேரும் ஒரே வாக்கியத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இதனால்தான். "செத்துப்போறேன்" என்பதை மட்டும் நாடகமென்று ஒதுக்கிவிடாதீர்கள். பூச்சிமருந்து, களைக்கொல்லி எல்லாம் வீட்டை விட்டு வெளியே போகட்டும். தேசிய மனநல உதவி எண் 1926க்கு அழைக்கலாம்.

விளைவை அனுபவிக்க விடுவதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. குடித்துவிட்டு வாசலில் விழுந்தால் வாந்தியை நீங்கள் கழுவ வேண்டாம். காலையில் அவரே கழுவட்டும். ஆனால் நுவரெலியாவின் ஜனவரிப் பனியில் இரவு முழுக்கக் கானில் கிடக்க விடுவது பாடமல்ல, கொலை. உள்ளே இழுத்துவந்து ஒருக்களித்துப் படுக்கவைத்துப் போர்த்துங்கள். மல்லாந்து படுத்தால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகும். எழுப்பினால் எழும்பவில்லை, மூச்சு மெதுவாகவும் விட்டுவிட்டும் வருகிறது, உதடு நீலமாக இருக்கிறது என்றால் தூங்கட்டும் என்று விடக்கூடாது.

உதவியை எடுப்பது பாதி வேலைதான். எடுத்த இடத்தில் வேறொன்று வைக்காவிட்டால் வீடு வெறும் தண்டனைக் கூடமாகிவிடும். கொப்பி காட்டிய அந்தப் பசி நேரத்தில் சுடச்சுட ரொட்டியும் சம்பலும் தயாராக இருந்தால், ரோட்டில் நிற்கும் ஒரு மணி நேரம் சில நாளாவது குறையும். மகளின் வகுப்பை இரண்டு நாளிலிருந்து மூன்று நாளாக்கி, கூட்டிவரும் பொறுப்பை அவரிடமே கொடுக்கலாம். ஆனால் அவர் குடித்திருந்தால் மகளை வேறொருவர் கூட்டிவரும் ஏற்பாடும் இருக்க வேண்டும். குடிக்காமல் வந்த மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், பேசுங்கள். "இன்னைக்கு நீங்க தெளிவா இருக்கிறது நல்லாருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். "எப்பவும் இப்படி இருந்தா எவ்வளவு நல்லது" என்று தொடர்ந்தால் பாராட்டு குத்தலாகிவிடும். குடித்து வந்த மாலையில் சண்டையும் இல்லை, கவனிப்பும் இல்லை. சோறு சட்டியில் இருக்கிறது, போட்டுச் சாப்பிடட்டும். நீங்கள் மகளோடு அடுத்த வீட்டுக்கோ பக்கத்து அறைக்கோ போய்விடலாம். வெறியில் இருப்பவரிடம் பேசிய எந்த நியாயமும் காலையில் அவர் நினைவில் இருக்காது, உங்கள் குரல் உயர்ந்தது மட்டும் லயமெல்லாம் நினைவில் இருக்கும்.

பழி சொல்வதைப் பற்றி ஒன்று. மலையகத்தில் குடிகாரரைவிட அதிகம் பழி கேட்பவர் அவர் மனைவி. "பொண்டாட்டி சரியா இருந்தா அவன் ஏன் குடிக்கிறான்" என்று மாமியார் சொன்னால், மகன் கையில் ஒரு காரணத்தைக் கொடுத்து அனுப்பியதாகிறது. அடுத்த நாள் அதே வாக்கியத்தை அவர் தானே சொல்லிவிட்டுக் குடிப்பார்.

மேலே சொன்னதெல்லாம் ஒரு வாய்ப்பான நிமிடத்துக்காகத்தான். நம் குடும்பத்தில் அது அடுத்த மாதம் 10ஆம் திகதி வருகிறது. மனைவி பொய் சொல்லாததால் அவருடைய பேர் 9 நாள் விழவில்லை. தம்பியின் காசு வராததால் முற்பணமும் கழிந்திருக்கிறது. சம்பளத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவரே கூட்டிக் கழித்துப் பார்க்கிறார். அன்று இரவு யாரும் எதுவும் சொல்லக்கூடாது. துண்டு சொல்வதை அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். மறுநாள் காலை, நடுக்கம் அடங்கிய பிறகு, மனைவி மட்டும் பேச வேண்டும். ஒரு நிகழ்ச்சி, ஒரு உணர்வு, ஒரு கோரிக்கை: "துண்டைப் பார்த்து நீங்க பேசாம உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். எனக்கும் கஷ்டமா இருந்துச்சு. செவ்வாய்க்கிழமை கிளினிக் இருக்கு, நானும் வாறேன், போயிட்டு வருவோமா?" குடியை விடுவேன் என்று சத்தியம் கேட்க வேண்டாம். ஒரு முறை வந்து டொக்டரைப் பார்க்க மட்டும் கேட்டால் போதும். மாட்டேன் என்றால் "சரி" என்று விட்டுவிட்டு அடுத்த நிமிடத்துக்குக் காத்திருங்கள். ஒரே கேள்வியை ஒரே நாளில் இரண்டு முறை கேட்டால் அது நச்சரிப்பு.

அதற்கு முன்பே எங்கே, எந்தக் கிழமை என்பதை வீட்டார் விசாரித்து வைத்திருக்க வேண்டும். அவர் சரி என்ற பிறகு தேடத் தொடங்கினால் இரண்டு நாளில் மனம் மாறிவிடும். நுவரெலியா, டிக்கோயா, பதுளை, கண்டி, பேராதனை போன்ற இடங்களில் அரச வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவில் இதற்கு இலவசமாகச் சிகிச்சை கிடைக்கிறது. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 எண்ணிலும் வழி கேட்கலாம். கை நடுங்குபவரைச் சில நாள் வார்ட்டில் வைத்து, நடுக்கத்தை அடக்கும் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, தயமின் என்ற பி1 விற்றமினும் கொடுப்பார்கள். அந்த நாளிலிருந்துதான் அம்மாவின் முந்நூறு ரூபாய் நிற்கிறது. டொக்டருக்குத் தமிழ் தெரியாமல் போகலாம். சிங்களம் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிப்போங்கள், மகளைக் கூட்டிப்போக வேண்டாம். தகப்பன் எவ்வளவு குடிக்கிறார், தாயை அடிக்கிறாரா என்பதையெல்லாம் ஒரு பிள்ளை மொழிபெயர்க்கக்கூடாது.

சோற்றில் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கும் "குடி மறக்கும் மருந்து" பற்றி எச்சரிக்காமல் விட முடியாது. அந்தப் பொடியில் என்ன இருக்கிறதென்று விற்பவருக்கே தெரியாது. டைசல்ஃபிராம் மாத்திரையைப் பொடித்துக் கலந்திருந்தால், அவர் தெரியாமல் குடிக்கும்போது முகம் சிவந்து, வாந்தி, நெஞ்சு வலி, இரத்த அழுத்தம் இறங்குதல் எல்லாம் வரும். இதயம் பலவீனமானவர் இறந்தும் போகலாம். மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த ஆபத்து இருக்கிறது. தெரிந்தே, டொக்டரின் கண்காணிப்பில் எடுப்பவருக்குத்தான் அது மருந்து. அத்தோடு, சோற்றில் எதையோ கலந்தார்கள் என்று ஒரு முறை தெரிந்தால் பிறகு அந்த வீட்டுச் சோற்றையே அவர் தொட மாட்டார்.

வார்ட்டிலிருந்து வந்தவர் சில மாதத்துக்குள் மறுபடி ஒரு நாள் குடிப்பது சாதாரணம். அன்று கொப்பியைத்தான் எடுக்க வேண்டும்: எத்தனை மணி, யாரோடு, அதற்கு முன் என்ன? தீபாவளி முற்பணம் கைக்கு வரும் வாரம், சம்பள நாள், ஊர்த் திருவிழா, சாவு வீடு. இந்த நாள்களை அவரோடு சேர்ந்தே முன்கூட்டிக் குறித்து, அன்று காசு யார் கையில், அவர் யாரோடு என்று பேசிவைக்கலாம். மறுபடி தினமும் குடித்து நடுக்கமும் திரும்பியிருந்தால் வீட்டில் நிறுத்தப் பார்க்காமல் மறுபடி கிளினிக்குக்கே போக வேண்டும்.

கை நீட்டுகிறவர் விஷயம் வேறு. அந்த வீட்டில் காசை நிறுத்துவது, ரகசிய எண்ணை மாற்றுவது, "நான் பொய் சொல்ல மாட்டேன்" என்பது எல்லாம் அடிக்குக் காரணமாகலாம். முதலில் பாதுகாப்பு: அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், இரண்டு செட் உடுப்பு ஒரு பையில், அது நம்பிக்கையான ஒரு வீட்டில் இருக்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அதற்கு ஆலோசனை பெற பெண்களுக்கான உதவி எண் 1938. பொலிஸில் "குடிச்சா எல்லாரும் அப்படித்தான், வீட்டுக்குப் போ" என்று அனுப்பினாலும் முறைப்பாட்டைப் பதியும்படி கேட்டு, அதன் இலக்கத்தை எழுதி வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்.